லஸ்ஸனுக்கு ஆறு பொருள் இல்லை

ஜெர்மன் வகுப்புகளில் பி1 நிலையை எட்டியதும் பலகையில் ஓர் அட்டவணை ஏறும். தலைப்பு, லஸ்ஸன். ஒன்று, அனுமதித்தல். இரண்டு, செய்ய வைத்தல். மூன்று, காசு கொடுத்தோ கேட்டோ இன்னொருவரைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்ளுதல். நான்கு, விட்டுவிடுதல். ஐந்து, ‘முடியும்’ என்ற பொருளில் வருவது. ஆறு, ‘வா, போகலாம்’ என்று அழைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும். எந்த இடத்தில் எந்தப் பொருள் வருகிறது என்பதைச் சூழலை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற வரியோடு பாடம் முடிந்துவிடும். பாடப்புத்தகங்கள் இப்படித்தான் சொல்கின்றன, கோச்சிங் நோட்டுகள் இப்படித்தான் சொல்கின்றன, நல்ல ஆசிரியர்களும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இந்த அட்டவணை தவறு என்பது என் வாதம். பாதி சரி, கொஞ்சம் திருத்தினால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வினைச்சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையே அது மறைத்துவிடுகிறது. லஸ்ஸனுக்கு இருப்பது ஒரே பொருள். ஒரு காரியம் நடக்கிறது. அதைச் செய்கிறவர் வேறு யாரோ, அல்லது அது தானாக நடக்கிறது. வாக்கியத்தின் எழுவாய் அதற்கு வழிவிட்டு நிற்கிறது. அவ்வளவுதான் அந்தச் சொல் சொல்வது. அனுமதியா, ஏவலா, கூலிக்குச் செய்வித்ததா என்பதையெல்லாம் லஸ்ஸன் சொல்வதில்லை. அவை வாக்கியத்தின் மற்ற உறுப்புகளிலிருந்து வருகின்றன. எந்த உறுப்பிலிருந்து வருகின்றன என்பதைக் காட்ட முடியும். அதைக் காட்டாமல் ‘சூழல்’ என்ற ஒரு சொல்லில் பாடத்தை மூடிவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இது வெறும் இலக்கணத் தகராறு என்று யாரும் நினைக்க வேண்டாம். செவிலியர் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறவர்கள் நம்மிடையே பலர். ஜெர்மன் மருத்துவமனை வார்டில் இரவுப் பணி முடிகிறவர் காலைப் பணிக்கு வருகிறவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வாய்மொழியாகச் சொல்லி ஒப்படைப்பார். இதை ஊபர்காப என்பார்கள். வேகமாகப் பேசுவார்கள், வாக்கியங்கள் சின்னதாக இருக்கும். ஒரு மூதாட்டியைப் பற்றி இப்படி இரண்டு வாக்கியங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, ‘இஷ் ஹாப ஸீ ஷ்லாஃபன் லஸ்ஸன்’. இரண்டாவது, ‘ஸீ ஹட் ஸிஷ் நிஷ்ட் வஷன் லஸ்ஸன்’. ஷ்லாஃபன் என்றால் தூங்குதல், வஷன் என்றால் கழுவுதல். படுக்கையில் இருப்பவரைத் துடைத்துச் சுத்தம் செய்வதற்கும் அதே சொல்தான்.

அட்டவணையை மனப்பாடம் செய்தவர் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் என்ன செய்வார்? இரண்டாம் எண்ணுக்குப் போவார். ‘அவரைத் தூங்க வைத்தேன்.’ தமிழில் இயல்பாக வருகிற வாக்கியம். குழந்தையைத் தூங்க வைக்கிறோம் அல்லவா? அப்படியானால் தூக்க மருந்து ஏதோ கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் எண்ணிக்கொள்ளலாம். மருந்து அட்டையில் அதைத் தேடுவார். மயக்கம் தெளியட்டும் என்று காலை உணவைத் தள்ளிவைக்கக்கூடும். ஆனால் அந்த வாக்கியத்தில் மருந்துக்கு இடமே இல்லை. அது சொல்வது இதுதான்: அவர் தூங்கிக்கொண்டிருந்தார், நான் எழுப்பவில்லை, தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? தூக்கம் தூங்குகிறவரிடமிருந்து வருவது. இன்னொரு மனிதர் சொல்லி ஒருவருக்குத் தூக்கம் வந்துவிடாது. ஆகவே இந்தக் காரியத்தில் நர்ஸுக்கு மிஞ்சியிருப்பது ஒரே பங்கு: கலைக்கலாம் அல்லது கலைக்காமல் இருக்கலாம். லஸ்ஸன் என்றதும் கலைக்கவில்லை என்பது தீர்ந்துபோகிறது. தூங்க வைப்பதற்கு ஜெர்மன்காரர் வேறு சொற்களைத் தேடுவார். குழந்தையென்றால் ட்ஸும் ஷ்லாஃபன் ப்ரிங்கன், அதாவது தூக்கத்துக்குக் கொண்டுவருதல். அறுவைக்கான மயக்கமென்றால் நார்கோஸ என்ற சொல் வரும். ஐன்ஷ்லேஃபர்ன் என்று ஒரு வினையும் உண்டு. தூங்கு என்பதிலிருந்து முறையாகப் பிறந்த பிறவினை அது. தீராத நோயில் கிடக்கும் நாயை ஊசி போட்டு உயிர் நீக்குவதற்குத்தான் இன்று அதிகமாகப் புழங்குகிறது. ‘தூங்க வைத்தேன்’ என்பதற்குச் சொல் தேடி அகராதியைப் புரட்டுகிறவருக்கு அது கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் வாக்கியம் இன்னும் முக்கியமானது. அட்டவணையின் மூன்றாம் எண்ணைக் கொண்டு படித்தால், ‘அவர் யாரையும் வைத்துத் துடைத்துக்கொள்ளவில்லை’ என்று ஆகும். ஏதோ ஏற்பாடு நடக்கவில்லை, ஆள் வரவில்லை என்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது ஒரு மறுப்பின் பதிவு. நர்ஸ் தண்ணீரும் துணியுமாகப் போய் நின்றார், மூதாட்டி தொட விடவில்லை. துடைக்க முனைந்தவர் நர்ஸ்; வழியைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை உள்ளவர் நோயாளி. அவர் அடைத்துக்கொண்டார். ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 630டி பிரிவு, மருத்துவச் செயல் எதையும் நோயாளியின் சம்மதம் பெற்றே தொடங்க வேண்டும் என்கிறது. 2013 முதல் நடப்பில் இருக்கிறது. துடைத்துவிடுவது போன்ற பராமரிப்பிலும் நோயாளி வேண்டாமென்றால் வேண்டாம்தான். அதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் வழக்கம். அப்படி எழுதப்படுகிற வாக்கியங்களில் லஸ்ஸன் அடிக்கடி வரும். அங்கே அது செய்வித்தலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மனிதர் தன் உடலின் மேல் வைத்திருக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறது.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ‘சரி, ஒரே பொருள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் மாணவருக்கு அனுமதியா ஏவலா என்று தெரிய வேண்டுமே? அதற்குச் சூழலைத்தானே பார்க்க வேண்டும்? நீங்கள் செய்ததும் அதுதானே?’

இல்லை. சூழல் என்பது எல்லையற்றது. எதைப் பார்ப்பது என்று அது சொல்வதில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: இந்தக் காரியத்துக்கான முனைப்பு யாரிடம் பிறக்கிறது? செய்கிறவரிடமே பிறந்தால், எழுவாயின் பங்கு தடுக்காமல் இருப்பது மட்டும். அதை நாம் அனுமதி என்று மொழிபெயர்க்கிறோம். எழுவாயிடம் பிறந்தால் அது ஏவல், அல்லது கூலிக்குச் செய்வித்தல். கேள்வி ஒன்று, விடை இரண்டில் ஒன்று. அதற்கு ஆறு கட்டம் போட்ட அட்டவணை வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை எடுத்து இதைச் சோதிக்கலாம். ‘தி லேரரின் லெஸ்ட் தி ஷ்யூலர் அப்ஷ்ரைபன்.’ ஆசிரியை, மாணவர்கள், அப்ஷ்ரைபன். அப்ஷ்ரைபன் என்றால் பார்த்து எழுதுதல். பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதும் அதுதான், பரீட்சையில் பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுவதும் அதுதான். பலகையில் பாடம் இருக்கிறது, எல்லோர் கையிலும் நோட்டு இருக்கிறது என்றால், முனைப்பு ஆசிரியையுடையது, ‘எழுத வைக்கிறார்’. பரீட்சை நடக்கிறது என்றால், முனைப்பு மாணவர்களுடையது. ‘காப்பியடிக்க விடுகிறார்’, கண்டும் காணாமலும் இருக்கிறார். இரண்டு காட்சிக்கும் வாக்கியம் ஒன்று, வேற்றுமை உருபு ஒன்று, வினையின் வடிவம் ஒன்று. மாறியது எது? பார்த்து எழுத விரும்பியவர் யார் என்பது மட்டும்தான். அந்த மாற்றத்தை லஸ்ஸனின் தலையில் ஏற்றி ‘பொருள் ஒன்று, பொருள் இரண்டு’ என்று எண் போடுவது, பக்கத்து வீட்டுக் கணக்கை இவர் பேரில் எழுதுவதாகும்.

பவேரியாவின் இரண்டாம் லுட்விக் மன்னர் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் கட்டியதைச் சொல்லும்போது, பாவன் என்ற கட்டுதல் வினையோடு லீஸ் என்ற இறந்தகால வடிவத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். 1869இல் அடிக்கல் நட்ட கோட்டை அது. அரசர் கல் சுமக்கவில்லை. கொத்தர்களுக்கும் அந்த மலைமேல் ஒரு கோட்டை கட்டியாக வேண்டும் என்ற ஆசை தானாக எழவில்லை. முனைப்பு முழுவதும் அரசருடையது. ஆகவே ‘கட்டுவித்தார்’. நம் கல்வெட்டுகளில் ‘எடுப்பிச்ச’ என்று வரும் அதே நிலை. அங்கும் லஸ்ஸன் தன் வேலையை மாற்றிக்கொள்ளவில்லை. செய்தவர் வேறு, நடக்கலாம் என்ற அதிகாரம் அரசருடையது என்று மட்டும் அது சொல்கிறது. மிச்சத்தை அரசர், கொத்தர், கோட்டை என்ற மூன்றும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

அழுகைக்கு வந்தால் இந்தக் கேள்வியின் பலம் நன்றாகத் தெரியும். ‘ஸீ லீஸ் தஸ் கிண்ட் வைனன்’ என்ற வாக்கியத்தில் வைனன் என்றால் அழுதல், கிண்ட் என்றால் குழந்தை. இதை ‘அவள் குழந்தையை அழ வைத்தாள்’ என்று நம் மாணவர்கள் மொழிபெயர்ப்பதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தாய் ஒரு குற்றமும் செய்யாதபோது அவள்மேல் குற்றம் விழுகிறது. அல்லது வேறொரு குற்றத்துக்குப் பதிலாக இது விழுகிறது. அந்த ஜெர்மன் வாக்கியம் சொல்வது: குழந்தை அழுதது, அவள் போய்ச் சமாதானப்படுத்தவில்லை, அழட்டும் என்று இருந்துவிட்டாள். குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்க வேண்டுமா, அழும்போதெல்லாம் தூக்க வேண்டுமா என்று பெற்றோர் விவாதிக்கும்போது ஜெர்மனில் இந்தச் சொற்றொடர்தான் வரும். அழ வைத்தாள் என்று சொல்ல வேண்டுமானால் ட்ஸும் வைனன் ப்ரிங்கன் என்று வர வேண்டும், அழுகைக்குக் கொண்டுவந்தாள்.

இப்போது எழுவாயை மட்டும் மாற்றுவோம். ‘டேர் ஃபில்ம் லீஸ் ஸீ வைனன்.’ படம் அவளை அழ வைத்தது. இங்கே ‘அழ விட்டது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏன்? படம் ஒரு பொருள். அதற்குப் பார்த்துக்கொண்டிருக்கத் தெரியாது, தடுக்கத் தெரியாது, தடுக்காமல் இருக்கவும் தெரியாது. வழிவிடுவதா வேண்டாமா என்று யோசிக்க முடியாத ஒன்று எழுவாயாக வரும்போது அனுமதி என்ற வாசிப்பு தானாக விழுந்துவிடுகிறது; காரணம் என்ற வாசிப்பு மட்டும் நிற்கிறது. வெயில் பனியை உருக வைத்தது, செய்தி அவரை வெளிற வைத்தது என்பனவெல்லாம் இந்த வகைதான். கொஞ்சம் எழுத்து நடை சார்ந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் ஜெர்மன்காரர் பெரும்பாலும் ‘அந்தப் படத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது’ என்பதற்கு இணையான வேறு வாக்கியத்தைச் சொல்வார். ஒரே வினை, ஒரே காலம், ஒரே அழுகை. எழுவாய் மனிதரா பொருளா என்பதில் வாக்கியத்தின் பொருளே புரண்டுவிடுகிறது. அட்டவணையில் இதற்கு ஏதாவது கட்டம் இருக்கிறதா? நான் பார்த்த எதிலும் இல்லை.

ஒரு வினைக்குப் பொருள் உண்மையாகவே இரண்டாகப் பிரிந்துவிட்டால் ஜெர்மன் மொழி அதைப் பல இடங்களில் வடிவத்தில் காட்டிக்கொடுக்கும். பெவேகன் என்ற வினை அசைத்தல் என்ற பொருளில் வந்தால் இறந்தகாலம் பெவேக்ட. ஒருவரை ஒரு முடிவை நோக்கித் தூண்டுதல் என்ற பொருளில் வந்தால் பெவோக். ஷாஃபன் என்பது சாதித்து முடித்தல் என்றால் ஷாஃப்ட, படைத்தல் என்றால் ஷூஃப். பிளவு ஏற்பட்ட இடத்தில் மொழியே இரண்டு வழிகளாகப் போய்விட்டது. லஸ்ஸனில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அனுமதித்தாலும் லீஸ், ஏவினாலும் லீஸ், முடி வெட்டிக்கொண்டாலும் லீஸ். செய்கிறவர் வாக்கியத்தில் வரும்போது அனுமதியிலும் ஏவலிலும் அதே இரண்டாம் வேற்றுமைதான். இலக்கணம் எங்கும் கோடு போடாத இடத்தில் நாம் ஏன் போடுகிறோம்?

இலக்கணம் கோடு போடுகிற இடம் ஒன்று உண்டு. வேதனை என்னவென்றால் அட்டவணை அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. லஸ்ஸனோடு இன்னொரு வினை வருகிறதா, அல்லது அது தனியாக நிற்கிறதா என்பதுதான் அந்தக் கோடு. தனியாக நின்றால் நிறைவுக் காலத்தில் கெலஸ்ஸன்: போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன், சிகரெட்டை விட்டுவிட்டேன் என்பவற்றில் எல்லாம் கெலஸ்ஸன் வரும். கூட இன்னொரு வினை இருந்தால் லஸ்ஸன் என்றே நிற்கும்: போனைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன் என்பதில் ரெபரீரன் லஸ்ஸன். நடுவில் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. நிற்க விடுதல், கிடக்க விடுதல், விழ விடுதல் போன்றவை கிட்டத்தட்ட ஒரே சொல்லாக இறுகிவிட்டதால் அவற்றில் இரண்டு வடிவமும் செல்லும். ‘ஹாப மியர் தி ஹாரெ ஷ்னைடன் கெலஸ்ஸன்’ என்று தவறாக எழுதுகிற மாணவர் ஒன்றாம் எண்ணிலும் மூன்றாம் எண்ணிலும் குழம்பி அப்படி எழுதவில்லை. கூட ஒரு வினை இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அனுமதிக்கும் ஏவலுக்கும் உள்ள வேறுபாடு ஜெர்மன்காரருக்கே தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகத் தெரியும். அந்த வேறுபாட்டில் பொறுப்பு தொங்குகிறபோது அவர்கள் லஸ்ஸனைக் கைவிட்டு வேறு சொல்லுக்குப் போய்விடுவார்கள். நடக்க விட்டார் என்று குறிப்பாகச் சொல்ல ட்ஸூலஸ்ஸன். நடக்கும்படி ஏற்பாடு செய்தார் என்று குறிப்பாகச் சொல்ல ஃபெரன்லஸ்ஸன். வற்புறுத்தினார் என்றால் ட்ஸ்விங்கன். அலுவலகக் கடிதத்திலும் வழக்கு ஆவணத்திலும் இவற்றைப் பார்க்கலாம். முதலிரண்டும் லஸ்ஸனின் உறவுக்காரச் சொற்களே என்பதைக் கவனியுங்கள். அடிச்சொல் அந்த வேறுபாட்டைச் சொல்லாததால்தான் முன்னொட்டுகள் சேர்ந்து அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிச்சொல்லிலேயே இரண்டு பொருளும் தனித்தனியாக இருந்திருந்தால் இவற்றுக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

வரலாறும் இந்தப் பக்கமே நிற்கிறது. பழைய ஜெர்மனில் லாஸன் என்றிருந்த இந்த வினையின் வேரில் இருப்பது தளர்வு, பிடி நழுவுதல். ஆங்கிலத்தின் லெட் இதன் உடன்பிறப்பு. அதுவும் இடைக்கால ஆங்கிலத்தில் அரசர் கோட்டை கட்டுவித்தார் என்ற பொருளில் வந்ததுண்டு. பிடியைத் தளர்த்துதல் என்ற ஓர் எண்ணத்திலிருந்து இத்தனையும் விரிந்திருக்கின்றன. ஆங்கிலம் பின்னால் அந்த நிலத்தைக் கூறுபோட்டு வேறு வினைகளுக்கும் கொடுத்துவிட்டது. ஜெர்மன் முழுவதையும் ஒருவரிடமே வைத்திருக்கிறது. ஆறு பொருள் அட்டவணை எனக்கு ஆங்கில வழியாக வந்ததாகவே தோன்றுகிறது. ஆங்கிலத்தில் தனித்தனி வினைகள் வேண்டியிருக்கின்றன என்பதற்காக ஜெர்மன் சொல்லை அத்தனை துண்டாக வெட்டி, அதைத் தமிழ் மாணவருக்குப் பரிமாறுகிறோம்.

தமிழ் மாணவருக்கு அந்தச் சுற்றுவழி தேவையே இல்லை. அவர் வாயில் ஏற்கெனவே விடு என்ற வினை இருக்கிறது. ஜெர்மன் குழந்தைகள் இலையுதிர்காலத்தில் காற்றாடி பறக்கவிடுவதை ட்ராஹன் ஷ்டைகன் லஸ்ஸன் என்பார்கள். காற்றாடியை ஏற விடுதல். நாம் பட்டம் விடுகிறோம். பட்டத்தை மேலே தூக்குவது காற்று. நூலைப் பிடித்திருப்பவன் அதை அனுமதிக்கிறானா, பறக்க வைக்கிறானா என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் கேட்டதில்லை. தொட்டியில் தண்ணீர் விடுகிறோம். ஜெர்மனும் லஸ்ஸன் என்கிறது. வண்டியை சர்வீஸுக்கு விடுகிறோம், தூது விடுகிறோம், தீபாவளிக்குச் சிறப்பு பஸ் விடுகிறார்கள். இவற்றில் அனுமதி எங்கே முடிகிறது, ஏவல் எங்கே தொடங்குகிறது? சென்னையில் வளர்ந்த ஒருவருக்கு விடு என்பதன் பொருள்களை எண் போட்டுச் சொல்லிக்கொடுக்க யாருக்காவது தோன்றுமா?

விடுவும் லஸ்ஸனும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகும் என்று சொன்னால் நானும் ஒரு பொய்யான அட்டவணையைத்தான் கொடுப்பவனாவேன். பொருந்தாத இடம் ஒன்று மிகப் பெரியது. அங்கேதான் தமிழர்கள் அதிகமாக வழுக்குகிறார்கள். தமிழில் ‘முடி வெட்டினேன்’ என்கிறோம், வெட்டியவர் சலூன்காரர். ‘தடுப்பூசி போட்டேன்’ என்கிறோம், போட்டவர் நர்ஸ். அந்த வாக்கியங்களில் செய்வித்தலுக்கான அடையாளம் ஒன்றுமே இல்லை. மிஞ்சினால் ‘போட்டுக்கொண்டேன்’ என்று ஒரு ‘கொள்’ வரும். இதை அப்படியே ஜெர்மனில் சொன்னால், கண்ணாடி முன் நின்று தானே கத்தரிக்கோலை எடுத்த ஒருவரைக் கேட்பவர் கற்பனை செய்துகொள்வார். தடுப்பூசி வாக்கியத்தைக் கேட்டால், நீங்கள்தான் நர்ஸ், யாருக்கு ஊசி போட்டீர்கள் என்பார்.

அட்டவணையின் மூன்றாம் எண் இதைத் தடுக்கும் என்பார்கள். தடுக்காது. அந்த எண், ஜெர்மன் வாக்கியம் கண்ணில் படும்போது உதவும். மாணவர் தமிழில் எண்ணிப் பேசத் தொடங்கும்போது அவர் மனத்தில் ‘செய்வித்தேன்’ என்ற எண்ணமே எழுவதில்லை. அப்புறம் எப்படி அவர் மூன்றாம் எண்ணைத் தேடிப் போவார்? அவருக்கு வேண்டியது ஒரு கேள்வி: இதைச் செய்த கை யாருடையது? என் கை இல்லையென்றால் லஸ்ஸன் வேண்டும். அதிலும், என் உடம்பில் நடந்ததென்றால் ஸிஷ், மிஷ், மியர் என்ற தற்சுட்டும் கூட வேண்டும். தடுப்பூசி போட்டுக்கொண்டேன் என்பது ‘மிஷ் இம்ப்ஃபன் லஸ்ஸன்’. அது அனுமதியா, ஏவலா? கையை நீட்டிச் சம்மதம் சொன்னது நான். நேரம் வாங்கிக்கொண்டு போய் நின்றதும் நான்தான். இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. அதைப் பிரிக்கச் சொல்லி மாணவரைத் துன்புறுத்துவதில் என்ன பயன்? வீடு கட்டுவதில் மட்டும் ஜெர்மன்காரரும் நம்மைப் போலவே, கொத்தர் கட்டியதை ‘நாங்கள் கட்டினோம்’ என்று சொல்வதுண்டு. ஆகவே கேள்வி எங்கும் தப்பாது என்று சொல்ல மாட்டேன். முடி, பல், ஊசி, வண்டி, சட்டை என்று அன்றாடம் வருகிற எல்லாவற்றுக்கும் அது தாங்கும்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை ஐந்தாம் எண். ‘தஸ் ஃபென்ஸ்டர் லெஸ்ட் ஸிஷ் நிஷ்ட் ஓஃப்னன்.’ சன்னலைத் திறக்க முடியவில்லை. இங்கே எழுவாய் சன்னல். அது யாருக்கு வழிவிடும்? இதில் ‘முடியும்’ என்ற புதிய பொருள் வந்துவிட்டதல்லவா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வாக்கியத்தை அதன் உறுப்புகளோடு வைத்துப் பாருங்கள். திறக்க முனைகிறவர் யாரோ, பெயர் சொல்லப்படவில்லை. திறக்கப்படுவது சன்னல். அது இடங்கொடுக்கவில்லை. மூதாட்டி தன்னைத் துடைக்க விடாத வாக்கியமும் இதுவும் எலும்புக்கூட்டில் ஒன்றே. அங்கே மனம் மறுத்தது, இங்கே மரமும் கீலும் மறுக்கின்றன. நம் வீடுகளில் மழைக்காலத்தில் கதவு உப்பிக்கொண்டால் ‘கதவு திறக்க மாட்டேங்குது’ என்கிறோம். மாட்டேன் என்பது மனிதர் மறுக்கிற சொல். அதைக் கதவுக்குக் கொடுக்கிறோம். அதைக் கேட்ட எந்தத் தமிழரும் மாட்டேன் என்பதற்கு ‘முடியாது’ என்று இன்னொரு பொருள் இருப்பதாகக் குறித்துவைப்பதில்லை.

முடியும் என்ற வாசிப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவு. பொருளுக்கு விருப்பம் கிடையாது. ஆகவே அது இடங்கொடுக்கிறதா என்பது அதன் தன்மையைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது. இதனால்தான் இந்த வகை வாக்கியத்தில் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய பேச்சு வருவதில்லை. என் கையில் பை இருக்கிறது, அதனால் என்னால் இப்போது திறக்க முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்த வடிவம் செல்லாது. அங்கே க்யோனன் என்ற ‘முடி’ வினைதான் வர வேண்டும். அட்டவணையில் ‘ஐந்து, முடியும்’ என்று படித்தவர் இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு எழுதுகிறார். சன்னல் இடங்கொடுக்கவில்லை என்று படித்தவர் அந்தத் தவறைச் செய்ய வாய்ப்பே இல்லை.

‘லஸ் உன்ஸ் கேஅன்’, அதாவது போகலாம் வா என்பதை விட்டுக்கொடுக்கிறேன். அது உறைந்துபோன வடிவம்; யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. அதை ஒரு தொடராக அப்படியே கற்றுக்கொள்வதுதான் நல்லது. ஒரு வினையின் ஓரத்தில் இப்படி ஒரு தொடர் உறைந்து நிற்பதால் உள்ளே இருப்பதெல்லாம் ஆறு துண்டு என்று ஆகிவிடாது.

தாமதமாக வந்தவர் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்கும்போது வார்டன் லஸ்ஸன் என்ற தொடர் வரும். வார்டன் என்றால் காத்திருத்தல். உங்களைக் காத்திருக்கச் செய்துவிட்டேன், மன்னியுங்கள். இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அட்டவணைக்காரர்களிடம் கேட்க விரும்புகிறேன். அனுமதித்தாரா? காத்திருக்க அனுமதி யாரும் கேட்கவில்லை. ஏவினாரா? காத்திரு என்று அவர் சொல்லவில்லை; ரயிலில் சிக்கிக்கொண்டிருந்தார். கூலிக்குச் செய்வித்தாரா? அதுவும் இல்லை. முடித்துவைக்க வேண்டிய காத்திருப்பை அவர் முடித்துவைக்கவில்லை, அவ்வளவுதான். தமிழில் நாமும் ‘காக்க வைத்துவிட்டேன்’ என்கிறோம். ‘வை’ வந்துவிட்டது என்பதற்காக, எதிரில் இருப்பவரை வற்புறுத்தி உட்கார வைத்ததாக யாரும் புரிந்துகொள்வதில்லை.